வீட்டு வேலையால்தான் இந்த அசதியா? இரும்புச்சத்துக் குறைவும் ரத்தப் பரிசோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஞ்சு பேருக்குச் சமைச்சு, துவைச்சு, பெருக்கித் துடைச்சா யாருக்குத்தான் அசதி வராது? இதுக்குப் போய் ரத்தம் எடுக்கணுமா?

வேலையால் வரும் அசதி தூங்கி எழுந்தால் இறங்கிவிடும். இரண்டு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தால் காணாமல் போகும். அப்படி இறங்காத அசதிதான் சந்தேகத்துக்குரியது. அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு: போன வருடம் இதே வேலையை எப்படிச் செய்தோம் என்று யோசிப்பது. வேலை கூடாமல் களைப்பு மட்டும் கூடியிருந்தால், காரணம் வேலையில் இல்லை.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரு பெண்ணின் கணக்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவர் கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் எண்கள் வழக்கமாகப் பார்க்கிறவை. வயது 38, எடை 55 கிலோ. வீடு இரண்டாவது மாடியில். சித்திரையில் காய்கறிப் பையோடு ஒரே மூச்சில் ஏறியவர், ஆடியில் முதல் மாடித் திருப்பத்தில் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து நிற்க ஆரம்பித்தார். வார் சரியாகத்தான் இருந்தது. மூச்சுதான் வாங்கியது. வெயில் என்றார், பிறகு பிள்ளைகளின் பரீட்சை என்றார், பிறகு மாமியாரின் முழங்கால் வலியால் தன் தலையில் விழுந்த வேலை என்றார். சொன்ன காரணம் ஒவ்வொன்றும் உண்மை என்பதால் ஏழு மாதம் யாருக்கும், அவருக்கும்கூட, சந்தேகம் வரவில்லை.

உடம்பும் இதற்கு உடந்தை. ஹீமோகுளோபின் மெதுவாக இறங்கும்போது இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டிவிடும். ஒரே நாளில் இவ்வளவு இறங்கியிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். மாதக்கணக்கில் இறங்கியதால் நடமாடிக்கொண்டே இருந்தார்.

அசதி எல்லா நோய்க்கும்தான் வரும். இரும்புச்சத்து குறைஞ்சதுன்னு தனியா காட்டிக்கொடுக்கிற அடையாளம் ஏதாவது இருக்கா?

ஒன்று இருக்கிறது, ஆனால் கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டார்கள்: உணவல்லாததைத் தின்னும் ஆசை. நம் வீடுகளில் அது பெரும்பாலும் பச்சரிசி. அரிசி களையும்போது ஒரு பிடி வாய்க்குப் போகும், பிறகு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் போகும். "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை வரும்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவோம். சிலருக்குத் திருநீறு, சிலருக்குச் சிலேட்டுக் குச்சி, சிலருக்கு ஃப்ரீசர் ஐஸ் கட்டி. நம் எடுத்துக்காட்டுப் பெண் ஒரு நாளைக்கு அரை டம்ளர் பச்சரிசி வரை தின்றுகொண்டிருந்தார். மருத்துவர் கேட்டபோதுதான் அதை முதல்முறையாக வெளியே சொன்னார். இரும்பு ஏற ஆரம்பித்ததும் இந்த ஆசை தானாக விட்டுப்போகும், பல நேரம் ஹீமோகுளோபின் முழுதாக ஏறும் முன்பே.

மற்ற அடையாளங்கள் அவ்வளவு தெளிவானவை அல்ல. படுத்தால் கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது, கொத்துக்கொத்தாக முடி கொட்டுவது, வாயோரம் வெடிப்பது, நகம் குழிந்து கரண்டிபோல் ஆவது. கீழ் இமையை இழுத்து வெளுப்பைப் பார்க்கும் பழக்கம் பயனுள்ளதுதான், ஆனால் லேசான சோகையை அது காட்டாது. இமை சிவப்பாக இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

என்ன டெஸ்ட் எடுக்கணும்? வெறும் வயித்தோட போகணுமா?

அடிப்படையாக இரண்டு போதும்: முழு ரத்த எண்ணிக்கை, அதாவது சி.பி.சி. என்று எழுதித் தருவது, அதோடு இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின். அசதிக்கு என்று பார்க்கும்போது தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் சேர்த்து எழுதுவது வழக்கம், ஏனென்றால் அவையும் இதே முகத்தோடு வரும். சி.பி.சி.க்கு ஊதா மூடிக் குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம். அதற்கும் ஃபெரிட்டினுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரையும் சேர்ந்திருந்தால்தான் பட்டினி.

விரலில் குத்திப் பார்க்கும் ஹீமோகுளோபின் முகாமுக்கு நல்லது, முடிவெடுக்கப் போதாது. ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிசைந்தால் திசுநீரும் கலந்து எண் மாறிவிடும்.

ஒரு எச்சரிக்கை: "எதற்கும் இருக்கட்டும்" என்று இரும்பு மாத்திரையை இரண்டு வாரம் விழுங்கிவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். ஃபெரிட்டின் சற்று ஏறி, உண்மைப் படம் மங்கிவிடும். முதலில் ரத்தம் கொடுங்கள், மாத்திரை அன்று மாலை தொடங்கட்டும்.

ரிப்போர்ட்ல இருபது வரி இருக்கு. எதைப் பார்க்கிறது?

நான்கு வரிகளைப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு வந்தது இது: ஹீமோகுளோபின் 8.4, எம்.சி.வி. 67, ஆர்.டி.டபிள்யூ. 18.6, ஃபெரிட்டின் 5. தைராய்டும் சர்க்கரையும் பி12-உம் சரியாக இருந்தன.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் சோகை, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே. 8-க்குக் கீழே போனால் கடுமையானது. ஆக 8.4 என்பது விளிம்பு. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. அது 80-க்கு மேல் இருக்க வேண்டும். மாவு குறைந்தால் இட்லி சிறுக்கிற மாதிரி, இரும்பு குறைந்தால் அணு சிறுக்கும். ஆர்.டி.டபிள்யூ. என்பது அணுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு அளவு மாறுகின்றன என்பது. இரும்பு தீரத்தீரப் பழைய பெரிய அணுக்களும் புதிய சின்ன அணுக்களும் கலந்து கிடப்பதால் அது ஏறும்.

ஃபெரிட்டின்தான் சேமிப்புக் கணக்கு. 15-க்குக் கீழே போனால் இருப்பு காலி என்று ஐயமின்றிச் சொல்லலாம். 30-க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் குறைவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆய்வகத் தாளில் "இயல்பு 10 முதல்" என்று அச்சடித்திருப்பதை நம்பி ஏமாறுவது நிறைய நடக்கிறது. இன்னொரு பக்கம், காய்ச்சலோ மூட்டழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். அந்த நேரத்தில் 60 என்று வந்தாலும் இருப்பு குறைவாக இருக்கலாம்.

எம்.சி.வி. குறைஞ்சிருந்தாலே இரும்புக் குறைவுதானா?

இல்லை. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் அணு சிறியதாக இருக்கும். அவர்களுக்கு நோய் எதுவும் இருக்காது. ஆனால் வருடக்கணக்கில் தேவையில்லாமல் இரும்பு மாத்திரை தின்றுகொண்டிருப்பார்கள். ஒரு எளிய கணக்கு: எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுங்கள். நம் பெண்ணுக்கு 67-ஐ 4.0-ஆல் வகுத்தால் 16.75. 13-க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவின் பக்கம், கீழே வந்தால் தலசீமியாவின் பக்கம். இது சாய்வைத்தான் காட்டும். உறுதிசெய்ய ஹீமோகுளோபின் வகைப்பிரிப்புப் பரிசோதனை வேண்டும். அதை இரும்புக் குறைவைச் சரிசெய்த பிறகு எடுப்பது நல்லது, குறைவு இருக்கும்போது அதன் முடிவே தடம் மாறக்கூடும்.

நான் தினமும் கீரை சாப்பிடுறேன். எனக்கு எப்படி இரும்பு குறையும்?

சாப்பிடுவது வேறு, உடம்பில் சேருவது வேறு. கீரை, பருப்பு, தானியத்தில் உள்ள இரும்பில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பங்குதான் குடல் வழியே ஏறுகிறது. ஒரு நாளில் 15 மி.கி. இரும்பு தட்டில் விழுந்தால் ரத்தத்துக்குப் போவது ஒன்று, ஒன்றரை மி.கி. சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் அதுவும் குறையும்.

செலவைப் பார்ப்போம். யாராக இருந்தாலும் தோல், குடல் உதிர்வில் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.கி. போய்க்கொண்டே இருக்கும். பெண்ணுக்கு மாதவிலக்குச் செலவும் சேர்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மி.கி. இரும்பு உண்டு. ஹீமோகுளோபின் 12 உள்ள ஒருவருக்கு 100 மில்லி ரத்தம் போனால் 41 மி.கி. இரும்பு போகிறது. நம் பெண்ணுக்குக் கடந்த இரண்டு வருடமாக மாதம் 120 மில்லி போனது என்று வையுங்கள். அது 49 மி.கி., நாளுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். மொத்தச் செலவு இரண்டரை, வரவு ஒன்றரை. தினம் 1 மி.கி. துண்டு விழுகிறது. சேமிப்பில் 300 மி.கி. இருந்தாலும் பத்தே மாதத்தில் துடைத்தெடுத்துவிடும். அதுவரை ஹீமோகுளோபின் அசையாது. இருப்பு தீர்ந்த பிறகுதான் இறங்கத் தொடங்கும். முந்தைய வருடம் அவர் எடுத்த பரிசோதனை "நார்மல்" என்று வந்ததற்குக் காரணம் இதுதான்.

மாதவிலக்கு அதிகமா போகுதுன்னு எப்படித் தெரியும்? எங்க வீட்ல எல்லாருக்கும் இப்படித்தான்.

"எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்" என்பதால் அது இயல்பு ஆகிவிடாது, அம்மாவுக்கும் சோகை இருந்திருக்கலாம். மில்லிக் கணக்கை யாரும் அளக்கப் போவதில்லை, ஆகவே இவற்றைக் கவனியுங்கள்: ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, மாற்றுவதற்காகவே இரவில் எழுந்திருக்கிறீர்களா, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி விழுகிறதா, ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா. நம் பெண் பாய்க்கு மேல் பழைய சேலையை நான்காக மடித்துப் போட்டுப் படுப்பார். அதை அவர் ஒரு அறிகுறியாக நினைத்ததே இல்லை, சுத்தத்துக்கான ஏற்பாடு என்றுதான் நினைத்தார்.

வயிற்று ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சுவரை ஒட்டி ஒரு நார்க்கட்டி தெரிந்தது. காப்பர்-டி, தைராய்டுக் குறைபாடு, ரத்தம் உறைவதில் கோளாறு ஆகியவையும் இப்படிப் போக்கைக் கூட்டும். உதிரப்போக்கு நாட்களில் மட்டும் எடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், ஹார்மோன் சுரக்கும் கருப்பை வளையம், கட்டியை மட்டும் அகற்றுவது என்று படிப்படியாக வழிகள் உண்டு. "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்பது முதல் யோசனையாக வந்தால் இன்னொரு மகளிர் மருத்துவரையும் கேளுங்கள்.

பேரீச்சை, பீட்ரூட், சுவரொட்டி சாப்பிட்டு ஏத்திக்க முடியாதா?

எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். 55 கிலோ எடைக்கு ஏறக்குறைய மூன்றரை லிட்டர் ரத்தம். ஒவ்வொரு 100 மில்லியிலும் 4 கிராம் ஹீமோகுளோபின் குறைகிறது, ஆக மொத்தம் 140 கிராம். அதை 3.4-ஆல் பெருக்கினால் சுமார் 480 மி.கி. இரும்பு. காலியான சேமிப்புக்கு இன்னொரு 500. கிட்டத்தட்ட 1,000 மி.கி. இது உடம்புக்குள் போய்ச் சேர வேண்டிய அளவு, தட்டில் விழும் அளவு அல்ல. சாப்பாட்டிலிருந்து நாளுக்கு ஒன்றரை மி.கி. சேர்பவருக்கு அது முழுதும் மிச்சமானாலும் இரண்டு வருடம் ஆகும். ஆனால் மிச்சமே ஆவதில்லை.

பீட்ரூட்டில் நிறம்தான் அதிகம், இரும்பு சொற்பம். பேரீச்சை நல்ல பண்டம், மருந்து அல்ல. ஆட்டு மண்ணீரலான சுவரொட்டிக்கு நம்மூரில் உள்ள பெயர் நியாயமானதுதான். அதிலும் ஈரலிலும் உள்ள இரும்பு கீரையினுடையதைவிடப் பல மடங்கு எளிதாகச் சேரும். நன்றாக வேகவைத்து வாரம் ஒருமுறை சாப்பிடலாம், கர்ப்பிணிகள் ஈரலை மட்டும் தவிர்க்கட்டும். சைவர்கள் முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து, காபியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் சேரும் அளவு கூடும். இவையெல்லாம் நிரப்பிய பிறகு இறங்காமல் காக்க உதவும். பள்ளத்தை நிரப்ப மாத்திரைதான்.

மாத்திரையை எப்போ, எப்படிப் போடணும்? காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு போட்டா சீக்கிரம் ஏறுமா?

ஏறாது. ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ஏறத்தாழ ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்திவைக்கிறது. அதற்குள் வரும் இரண்டாவது மாத்திரையின் பெரும்பகுதி குடலிலேயே தங்கி வயிற்றைக் கெடுக்கும். ஆகவே ஒரு நாளைக்கு ஒருமுறை. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்கூட நன்றாக வேலை செய்கிறது.

அரசு மருத்துவமனையில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். கடையில் வாங்கும்போது அட்டையில் "எலிமெண்டல் அயர்ன்" எவ்வளவு என்று பாருங்கள். உப்பின் எடை பெரிதாக இருக்கும், இரும்பு அதில் ஒரு பங்குதான். உலர்ந்த ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி. மாத்திரையில் உள்ள இரும்பு 65 மி.கி.

வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு அல்லது தண்ணீரோடு போடுவது சிறந்தது. காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். காலையில் அதையும் இதையும் சேர்த்து விழுங்கினால் இரண்டுமே வீண். நம் பெண்ணுக்குக் காலை ஆறு மணிக்குக் காபி இல்லாமல் அடுப்பு பற்றாது, அதனால் மாத்திரையை மாலை ஐந்து மணிக்கு மாற்றிக்கொண்டார்.

மாத்திரை போட்டா மலம் கறுப்பா போகுது, மலச்சிக்கல் வேற. நிறுத்திடலாமா?

கறுப்பு நிறம் சேராத இரும்பின் நிறம், பயப்பட வேண்டாம். தார்போல் பிசுபிசுத்து, கெட்ட நாற்றத்தோடு வந்தால் மட்டும் அது குடலில் ரத்தம் போவதாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். மலச்சிக்கலும் குமட்டலும் உண்மையான தொல்லை. மாத்திரை பாதியில் நிற்பதற்கு முதல் காரணமே இவைதான். நிறுத்துவதற்கு முன் ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு மாறிப் பாருங்கள், அல்லது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். சேரும் அளவு சற்றுக் குறையும், ஆனால் போடாத மாத்திரை சேரவே சேராது.

அசதி எத்தனை நாள்ல போகும்? ஹீமோகுளோபின் 12 வந்தாச்சு, நிறுத்தலாம்தானே?

இரண்டாவது வாரத்திலேயே பலருக்குத் தெம்பு தெரியும். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒன்று முதல் இரண்டு கிராம் ஏறியிருக்க வேண்டும். நம் பெண்ணுக்கு நான்காவது வாரம் 10.1, மூன்றாவது மாதம் 12.3. பச்சரிசி மூன்றாவது வாரமே நின்றது.

தவறு நடப்பது இங்கேதான். 12.3 வந்த அன்று அவர் ஃபெரிட்டின் 14. ஏறிய இரும்பெல்லாம் அணுக்களுக்குப் போய்விட்டது, சேமிப்பில் இன்னும் ஒன்றுமில்லை. இந்த இடத்தில் நிறுத்தினால் அடுத்த சில மாதவிலக்குகளிலேயே பழைய இடத்துக்கு வந்துவிடுவார். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும் என்பது அதற்காக. தொடர்ந்தார், ஆறாவது மாதம் ஃபெரிட்டின் 52. படியில் செருப்பு வாரைச் சரிசெய்வதும் நின்றுபோனது.

மாத்திரை ஒழுங்கா போட்டும் ஏறவே இல்லையே?

நான்கு வாரத்தில் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் மாத்திரையின் பிராண்டை மாற்றுவதற்கு முன் வரிசையாகப் பாருங்கள். உண்மையில் தினமும் போட்டாரா, காபியோடு போட்டாரா, நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் போன்ற மாத்திரை நீண்டநாளாக ஓடுகிறதா, ஏறுவதைவிட அதிகமாக ரத்தம் போய்க்கொண்டிருக்கிறதா. வெறுங்காலோடு வயலிலோ தோட்டத்திலோ நடப்பவருக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் குடல் உறிஞ்சும் திறனையும், நோய் கணிப்பே சரிதானா என்பதையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

இரும்பு ஊசியோ ரத்தமோ ஏத்திட்டா வேலை சீக்கிரம் முடியுமே?

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர், போக்கு மிக அதிகமாக உள்ளவர், அறுவை சிகிச்சை நெருங்கியவர், கர்ப்பத்தின் பிற்பகுதியில் சோகை தெரிந்தவர் ஆகியோருக்கு நரம்பு வழி இரும்பு நல்ல வழி. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் 1,000 மி.கி. வரை ஒரே அமர்வில் ஏற்ற முடியும், அயர்ன் சுக்ரோஸ் என்றால் 200 மி.கி. வீதம் பல அமர்வுகள். ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் மருத்துவமனையில்தான் ஏற்ற வேண்டும்.

ரத்தம் ஏற்றுவது வேறு கதை. ஒரு யூனிட் ஹீமோகுளோபினை ஏறக்குறைய 1 கிராம்தான் உயர்த்தும். 7-க்குக் கீழே இறங்கியவருக்கும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர், நெஞ்சு வலிப்பவர், மயங்குபவருக்கும் அது தேவைப்படும். அந்த நிலையில் உள்ளவர் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாங்கினது வாங்கினோம், வீட்ல எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கலாமா?

வேண்டாம். கணவருக்கோ, மாதவிலக்கு நின்ற மாமியாருக்கோ இரும்பு குறைந்தால் அது வேறு செய்தி. மாதாமாதம் போகாத உடம்பில் இரும்பு குறைகிறதென்றால் வயிற்றுப்புண், மூலம், சில நேரம் குடல் புற்றுநோய் என்று எங்கோ கசிந்துகொண்டிருக்கலாம். மாத்திரை கொடுத்து எண்ணை ஏற்றினால் அந்தக் கசிவு மறைந்துவிடும். அவர்களுக்கு எண்டோஸ்கோபி வரை போய்க் காரணம் தேட வேண்டும். பள்ளியில் படிக்கும் மகளுக்கு வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரை இருக்கிறது, அதை அவள் பைக்குள் போட்டுக்கொண்டு வராமல் விழுங்குகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அட்டையைச் சாமி மாடத்திலோ ஃப்ரிட்ஜ் மேலோ வைக்காமல் பூட்டிய அலமாரியில் வையுங்கள். சிவப்பு மாத்திரை மிட்டாய்போல் இருக்கும். சில மாத்திரைகளே குழந்தைக்கு விஷம். விழுங்கியது தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல், காலி அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.